ஏஞ்சல் முதலீட்டாளருக்கு ஒரு பக்க நோட்: தெரிந்தவர் மூலமா, நேரடி மெயிலா, நெட்வொர்க் விண்ணப்பமா?

"அண்ணா, நோட் ரெடி. யாருக்கு, எப்படி அனுப்புறது?" நண்பர்களின் ஸ்டார்ட்அப் நோட்டுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிற வழக்கம் எனக்கு உண்டு என்பதால், இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும். அதில் 'நோட் ரெடி' என்ற பகுதிதான் பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்புகிற நோட்டும், முன்பின் தெரியாத ஒருவருக்குப் போடுகிற மெயிலும், தொடக்க நிலை நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடும் ஏஞ்சல்களின் நெட்வொர்க்குக்குப் போகும் விண்ணப்பமும் ஒரே பக்கத்தின் மூன்று பிரதிகள் அல்ல. முதலில் வழியை முடிவு செய்யுங்கள். அதற்குத் தகுந்தபடி நோட் மாறும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இரண்டு பேர் நடத்தும் நிறுவனம். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சி.என்.சி. மெஷினுக்குப் போகும் மின்கேபிளைச் சுற்றி ஒரு சின்னக் கருவியை மாட்டுகிறார்கள். மெஷின் எத்தனை மணி நேரம் உண்மையில் வெட்டியது, எத்தனை மணி நேரம் சும்மா ஓடியது என்று பட்டறை முதலாளியின் போனுக்குத் தகவல் போகும். ஒருவர் ஆறு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவர், மற்றவர் சாஃப்ட்வேர். 14 பட்டறைகளில் கருவி மாட்டியிருக்கிறது. ஆனால் பணம் கட்டுவது 9 பட்டறைகள்தான். அவற்றில் 41 மெஷின்கள், மெஷினுக்கு மாதம் 1,500 ரூபாய், ஆக மாத வருமானம் 61,500. மாதச் செலவு 3 லட்சத்து 40 ஆயிரம். வங்கியில் 11 லட்சம். தேடுவது 60 லட்சம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, உங்கள் சான்று எங்கே இருக்கிறது என்பது. எனக்கு இதுதான் மற்ற மூன்றையும் விட முக்கியம். சிலருடைய சான்று வாடிக்கையாளரிடம் இருக்கும்: யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பத்து நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம். சிலருடையது ஆளிடம் இருக்கும்: 'இவன் கெட்டிக்காரன், சொன்னதைச் செய்வான்' என்பதைத் தவிர இன்னும் எதுவும் இல்லை. வேறு சிலருடையது காகிதத்தில்: காப்புரிமை, சோதனை அறிக்கை, ஒப்பந்தம். வாடிக்கையாளரிடம் சான்று இருந்தால் அந்நியருக்கும் எழுதலாம். ஆளிடம் மட்டும் இருந்தால் உங்களை அறிந்தவர் வாய்திறந்தால்தான் உண்டு.

இரண்டாவது, பணம் கைக்கு வர ஆகும் காலம். அம்பத்தூர்க்காரர்களுக்கு வருமானம் போக மாதம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் கரைகிறது. 11 லட்சம் என்றால் நான்கு மாதம்கூட முழுதாக இல்லை.

மூன்றாவது, பங்குதாரர் பட்டியலில் எத்தனை பெயர் ஏறும் என்பது. நான்காவது, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் எதை இழக்கிறீர்கள் என்பது. சென்னையில் ஏஞ்சல்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரு கதவு மூடும் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

## எந்த வழியானாலும் நோட்டில் இருக்க வேண்டியது

நோட் ஆங்கிலத்தில்தான் போகும், அதுதான் இங்கே வழக்கம். தமிழில் சொன்னால் அம்பத்தூர் நோட்டின் உடம்பு இவ்வளவுதான்:

> சி.என்.சி. பட்டறைகளில் மெஷின் எவ்வளவு நேரம் சும்மா ஓடுகிறது என்று அளந்து முதலாளிக்குச் சொல்கிறோம். 9 பட்டறைகள் பணம் கட்டுகின்றன (41 மெஷின், மாதம் ரூ.61,500). மேலும் 5 பட்டறைகளில் இலவசச் சோதனை நடக்கிறது. பணம் கட்டத் தொடங்கியவர்களில் ஒருவர் நிறுத்தினார். காரணம், அவர் பட்டறையில் நெட் சரியாக இல்லை, இப்போது கருவியிலேயே சிம் வைத்துவிட்டோம். 60 லட்சம் தேடுகிறோம். 12 மாதத்தில் 250 மெஷினை எட்டுவது இலக்கு. 9 லட்சம் கருவிகளுக்கு, மீதி 51 லட்சம் ஆட்களுக்கும் நடப்புச் செலவுக்கும். இரண்டு வாடிக்கையாளர்கள் உங்களிடம் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.

இதில் நம்பகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 14 என்று எழுதாமல் 9, 5 என்று பிரித்தது முதல் காரணம். பலரும் '14 வாடிக்கையாளர்கள்' என்று எழுதிவிடுவார்கள்; இரண்டாவது சந்திப்பில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது அது 9 என்று தெரியும். அதற்குப் பிறகு மற்ற எண்கள் சரியாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். விட்டுப்போன ஒருவரைச் சொன்னது இரண்டாவது. 250 மெஷின் என்ற இலக்கைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிவது மூன்றாவது: ஒரு கருவிக்கு 4,200 ரூபாய் ஆகிறது, இன்னும் 209 கருவி வேண்டும், அதனால்தான் 9 லட்சம். 250 மெஷினில் மாத வருமானம் 3 லட்சத்து 75 ஆயிரம் ஆகும், அதாவது இன்றைய செலவைத் தாண்டிவிடும்.

'இந்தியச் சந்தை இத்தனை ஆயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்' என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் நான் அடித்துவிடுவேன்.

## வழி 1: தெரிந்தவர் மூலம்

எல்லோரும் இதைத்தான் சிறந்த வழி என்பார்கள். பாதி உண்மை. தெரிந்தவர் அனுப்பும் நோட்டை ஏஞ்சல் கண்டிப்பாகத் திறப்பார். ஆனால் திறந்ததும் அறிமுகப்படுத்தியவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க போடுறீங்களா?" என்பதுதான். "இல்லை சார், பையன் நல்லவன், நீங்க பாருங்க" என்று பதில் வந்தால், அந்த அறிமுகம் அங்கேயே பாதி செத்துவிட்டது. ஆகவே அறிமுகம் கேட்பதற்கு முன், அந்த நபர் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பணம் போட முடியாதவராக இருந்தாலும், 'நான் இவனோடு நான்கு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு நாள் இரவு லைன் நின்றபோது இதைச் செய்தான்' என்று சொல்ல ஏதாவது கையில் இருப்பவராக இருக்க வேண்டும்.

இந்த வழிக்கான நோட்டை, அவர் ஒரு வரி சேர்த்து அப்படியே முன்னனுப்பும்படி எழுத வேண்டும். மெயிலின் உடம்பிலேயே முழுதும் இருக்கட்டும், இணைப்பு வேண்டாம். 'நேற்று பேசியபடி' போன்ற வரிகள் கூடாது. மூன்றாம் மனிதர் படிக்கும்போது புரியாது.

சென்னைக்கு உரிய ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருப்பவர்களில் முதலீடு செய்யும் வசதியுள்ளவர்கள் பலர். உங்கள் வாடிக்கையாளரே முதலீட்டாளர் ஆகலாம். அவரிடம் விளக்கவே வேண்டாம், பொருள் வேலை செய்வது அவருக்குத் தெரியும். கேட்க இனிப்பாக இருக்கிறது. மறைந்திருக்கும் செலவு என்ன? மெஷின் எத்தனை மணி ஓடுகிறது என்பது ஒரு பட்டறையின் ரகசியம். யாருக்கு ஆர்டர் குறைந்திருக்கிறது, யார் விலை குறைத்து வேலை எடுப்பார் என்று அதிலிருந்து கணிக்கலாம். ஒரு பட்டறை முதலாளி உங்கள் பங்குதாரர் என்று தெரிந்தால், எதிர்வீட்டுப் பட்டறை கருவியைக் கழற்றச் சொல்லும். அம்பத்தூர் நிறுவனம் அவரிடம் பணம் வாங்கினாலும், தரவைப் பார்க்கும் உரிமை பங்குதாரருக்கு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். அல்லது வேறு தொழிலில் இருக்கும் அவருடைய நண்பரிடம் அறிமுகம் மட்டும் கேட்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இன்னொரு செலவு, கமிஷன். 'பணம் வாங்கித் தருகிறேன், மூன்று சதவீதம் கொடு' என்று வருபவர் அறிமுகம் செய்பவர் அல்ல, தரகர். அவர் மூலம் வந்த நோட் என்று தெரிந்தாலே பல ஏஞ்சல்கள் ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் போடும் பணத்தில் ஒரு பங்கு முதல் நாளே வெளியே போவதை யார் விரும்புவார்?

யாருக்குப் பொருந்தும்: இன்னும் விற்பனை தொடங்காதவர்களுக்கு, சான்று ஆளிடம் இருப்பவர்களுக்கு.

## வழி 2: நேரடி மெயில்

தெரியாதவருக்கு எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது பொதுவான பயம். பார்ப்பார்கள், அவருக்கென்று எழுதியிருந்தால். 200 பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதைவிட, தொழிற்சாலைப் பின்னணி உள்ள 15 பேரைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் முதல் இரண்டு வரியைத் தனியாக எழுதுவது மேல். "நீங்கள் வால்வு தொழிற்சாலை நடத்தியவர், ஷிஃப்ட் முடிவில் எழுதும் லாக் புத்தகத்தை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கினால் அவர் அடுத்த வரிக்குப் போவார். தலைப்பில் 'முதலீட்டு வாய்ப்பு' என்று போடாதீர்கள்; '41 சி.என்.சி. மெஷின், 9 பட்டறை, அம்பத்தூர்' என்று போடுங்கள். முதல் மெயிலிலேயே ரகசிய ஒப்பந்தம் கேட்பதும் வேண்டாம். மாதம் இத்தனை நோட்டு பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

மற்ற வழிகளில் கிடைக்காத ஒரு பலன் இதில் உண்டு: எது பழுது என்று மௌனமே காட்டிக்கொடுக்கும். 15 பேரில் ஒருவரும் பதில் போடவில்லை என்றால் தலைப்பும் முதல் இரண்டு வரியும் சரியில்லை, அல்லது ஆள் தேர்வு தப்பு. டெக், அதாவது நிறுவனத்தை விளக்கும் ஸ்லைடுகளை, அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சில்லை என்றால் எண்கள் நிற்கவில்லை. நேரில் பார்த்துப் பேசிய பிறகு மௌனம் என்றால் பெரும்பாலும் நிறுவனத்துக்கு நீங்கள் வைத்த மதிப்பு, அதாவது வேல்யூவேஷன், இல்லாவிட்டால் உங்கள் இருவருக்கும் இடையே ஏதோ ஒத்துப்போகாததை அவர் கவனித்திருக்கிறார். ஐந்தைந்து பேராக அனுப்பினால் நடுவில் திருத்திக்கொள்ள முடியும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, சட்டம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பங்கு கொடுப்பது கம்பெனிச் சட்டத்தின் 42-வது பிரிவில் வருகிறது. பெயர் குறித்த நபர்களுக்கு மட்டுமே PAS-4 என்ற படிவத்தில் அழைப்புக் கொடுக்கலாம். பொதுவாக ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது, விளம்பரம் கூடவே கூடாது. அதனால் நோட்டில் 'இந்த விலைக்கு இத்தனை பங்கு, முந்துங்கள்' என்ற தொனி வரக் கூடாது. லிங்க்ட்இன்னில் அப்படி ஒரு பதிவு போடுவது இன்னும் மோசம். நோட் ஓர் அறிமுகம். பங்கு அழைப்பு பேச்சு முடிந்தபின் தனியாகப் போகட்டும்.

இரண்டாவது, துண்டு துண்டாக வரும் பணம். ஆளுக்கு 5, 6 லட்சம் என்று 60 லட்சம் சேர்த்தால் பத்துப் புதிய பெயர்கள். அடுத்த சுற்றில் பெரிய முதலீட்டாளர் வரும்போது அந்தப் பத்துப் பேரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டும். ஒருவர் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருப்பார், ஒருவர் போன் எடுக்க மாட்டார். இப்போது கடனாக வாங்கிப் பிறகு பங்காக மாற்றும் 'கன்வர்ட்டிபிள் நோட்' போட்டு வேல்யூவேஷனைத் தள்ளிவைக்கலாம் என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் மட்டுமே அதை வெளியிடலாம், ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும். ஆறு லட்சக்காரருக்கு அந்த வழி கிடையாது. பங்காகத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: சான்று வாடிக்கையாளரிடம் இருப்பவர்களுக்கு, அந்தத் தொழிலையே அறிந்த ஏஞ்சலைத் தேடுபவர்களுக்கு.

## வழி 3: ஏஞ்சல் நெட்வொர்க்

சென்னையில் இதற்கென்று அமைப்புகள் உண்டு. தி சென்னை ஏஞ்சல்ஸ் 2007-லிருந்து இயங்குகிறது. பொதுவான நடைமுறை: இணையத்தில் விண்ணப்பம், அலுவலகக் குழுவின் வடிகட்டல், சில உறுப்பினர்கள் முன் சிறு பேச்சு, பிறகு எல்லா உறுப்பினர்களுக்கும் பிட்ச், விருப்பம் தெரிவித்தவர்களில் ஒருவர் தலைமை ஏற்பது, முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் டெர்ம் ஷீட், கணக்கையும் காகிதத்தையும் சரிபார்க்கும் ட்யூ டிலிஜென்ஸ், ஒப்பந்தம், பணம். நான் பார்த்தவரை விண்ணப்பத்திலிருந்து பணம் வரை நான்கைந்து மாதம் வைத்துக்கொள்வது பத்திரம்.

இதற்கான நோட்டின் முதல் வாசகர் பணம் போடுகிறவர் அல்ல, வடிகட்டுகிற ஓர் இளம் அலுவலர். அவர் உங்கள் நோட்டைத் தன் வார்த்தையில் மேலே சொல்ல வேண்டியிருக்கும். அதனால் தொழில்நுட்பத்தை விட 'யார், எதற்கு, எவ்வளவு கட்டுகிறார்கள்' என்பது முதல் வரியில் வரட்டும். விண்ணப்பப் பெட்டிகளில் எழுதும் எண்ணும் டெக்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். சிரிக்காதீர்கள், இது பொருந்தாமல் திரும்பி வந்த விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு காலம் மட்டுமல்ல. பிட்ச் அன்று கை தூக்குபவர்கள் எல்லோரும் பணம் போடுவதில்லை. 60 லட்சம் என்று எழுந்த கைகள் ஒப்பந்தம் வருவதற்குள் 40 ஆகிவிடுவதுண்டு. 40 மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்பே நோட்டில் ஒரு வரி இருந்தால் தப்பிக்கலாம்: அம்பத்தூர்க்காரர்களுக்கு அது '160 மெஷின், ஒரு ஆள் குறைவு' என்று இருக்கலாம். சட்டச் செலவையும் ட்யூ டிலிஜென்ஸ் செலவையும் யார் ஏற்பது, நெட்வொர்க்குக்குக் கட்டணம் உண்டா என்பதை முதல் வாரத்திலேயே கேளுங்கள். இங்கே மறுத்துவிட்டால் ஒரே மாலையில் ஊரின் பல ஏஞ்சல்களுக்குச் செய்தி போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நல்ல பக்கம்: உறுப்பினர்களின் பணம் செபியில் பதிவான ஒரு ஏஞ்சல் ஃபண்ட் வழியாக வந்தால் பட்டியலில் ஏறுவது ஒரே பெயர்.

யாருக்குப் பொருந்தும்: எட்டு மாதச் செலவுக்காவது பணம் இருப்பவர்களுக்கு, கணக்கும் காகிதமும் ஒழுங்காக இருப்பவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | தெரிந்தவர் மூலம் | நேரடி மெயில் | நெட்வொர்க் |
|---|---|---|---|
| சான்று எங்கே இருந்தால் நல்லது | ஆளிடம் | வாடிக்கையாளரிடம் | கணக்கிலும் காகிதத்திலும் |
| ஆம்/இல்லை தெரிய | சில வாரம் | சில வாரம், பலமுறை மௌனம் | சில மாதம் |
| பட்டியலில் ஏறும் பெயர் | ஒன்றிரண்டு | பல | ஃபண்ட் வழி என்றால் ஒன்று |
| மறைந்த செலவு | கடன்பட்ட உணர்வு, கமிஷன், வாடிக்கையாளர் ரகசியம் | சட்ட எல்லை, கையெழுத்து அலைச்சல் | காலம், சுருங்கும் தொகை |
| மறுத்தால் இழப்பு | ஓர் உறவில் சங்கடம் | கிட்டத்தட்ட இல்லை | ஊருக்கே தெரியும் |

அரசு நிதியை இதில் சேர்க்கவில்லை. ஸ்டார்ட்அப் டிஎன்-னின் டான்சீட் போன்றவற்றுக்கு அறிவிப்பு வரும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், தொகையும் 10 லட்சம் அளவில். அது வந்தால் நல்லது; அதை நம்பி நான்கு மாதப் பணத்தோடு உட்கார்ந்திருக்க முடியாது.

## அம்பத்தூர்க்காரர்கள் என்ன செய்யலாம்

கையில் நான்கு மாதம். ஆனால் பேச்சுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று மாதம்கூட இல்லை. ஏனென்றால் ஒருவர் 'சரி' என்ற பிறகும் மதிப்பீட்டு அறிக்கை, தீர்மானம், PAS-4 எல்லாம் முடிய வேண்டும். பணம் தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாக்கல் முடியும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பணம் வந்த மறுநாளே சம்பளம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஏஞ்சல் வரி 2025 ஏப்ரலிலிருந்து இல்லை என்பது நிம்மதி. அதற்காக மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், கம்பெனிச் சட்டம் அதை இன்னும் கேட்கிறது.

ஆகவே நெட்வொர்க்கை முதல் வழியாக வைத்தால் நடுவழியில் பணம் தீர்ந்துவிடும். அவர்களுடைய சான்று வாடிக்கையாளரிடம் இருப்பதால் நான் நேரடி மெயிலில் தொடங்கச் சொல்வேன்: முதல் வாரம் ஐந்து, பதில்களைப் பார்த்துத் திருத்திவிட்டு மூன்றாம் வாரம் பத்து. கூடவே, மெயின்டனன்ஸில் இருந்தவரின் பழைய மேலாளர் மூலம் இரண்டு அறிமுகம். 60 முழுவதையும் ஒரே மூச்சில் தேடாமல், இரண்டு பேரிடம் 25 லட்சத்தை முதலில் மூடினால் ஒன்பது மாதத்துக்கு மேல் மூச்சு விடலாம். அந்த இரண்டு பெயரோடு, வளர்ந்திருக்கும் மெஷின் எண்ணிக்கையோடு நெட்வொர்க்குக்கு மீதி 35 லட்சத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 'யார் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்' என்ற பெட்டி காலியாக இருக்காது.

பேச்சு நடக்கும் வாரங்களில் எண்கள் மாறும். சோதனையில் இருந்த ஐந்து பட்டறைகளில் ஒன்று 'வேண்டாம்' என்று சொல்லலாம், இரண்டு பணம் கட்டத் தொடங்கலாம். இரண்டையும் ஒரே மெயிலில், நோட் வாங்கிய எல்லோருக்கும் அன்றைக்கே எழுதுங்கள்: "இப்போது 11 பட்டறை, 48 மெஷின், சோதனையில் இருந்த ஒன்று விலகியது, காரணம் இது." பதிலே போடாத இரண்டு மூன்று பேர் இந்த இரண்டாவது மெயிலுக்குத்தான் பதில் போடுவார்கள்.